புழுதிக்கு எந்த டீம்?

மே மாதம். மூன்றரை மணி வெயில்.
தீப்பெட்டி ஆபீஸ் பின்னால் பொட்டல்.
தெற்கே ஆபீஸ் சுவர்,
சுவரில் கரியால் மூன்று கோடு: ஸ்டம்ப்.
எதிர்முனையில் கழற்றிப் போட்ட செருப்புக் குவியல்: அதுவும் ஸ்டம்ப்.
கிழக்கே சாக்கடை, விழுந்தால் ரெண்டு.
சாக்கடை தாண்டினால் சீமைக்கருவேலம்,
பந்துக்கு நாலு ரன்,
எடுக்கப் போனவன் காலுக்கு நாலு முள்.
மேற்கே ஆச்சி வீட்டு மதில்.
நேராகத் தாண்டினால் அவுட்,
குத்தித் தாண்டினாலும் அவுட்,
ஆச்சி முழித்திருந்தால் எல்லாரும் அவுட்.
வடக்கே எல்லை கிடையாது.
பந்து திரும்பி வரும்வரை
ஓடு, ஓடு, ஓடு.

"இதெல்லாம் நேத்து ரூல்!"
"இன்னிக்கும் அதான்!"
"யார் சொன்னா?"
"நான் சொன்னேன்."
"நீ யாருடா?"

சரி, சரி.
இதுவரை எழுதினது ட்ரையல் பால்.
கணக்கில் வராது.

*

இப்போது உத்தி.
இரண்டிரண்டு பேராகத் தோளில் கை போட்டு
கருவேல மறைவுக்குப் போய்
காதோடு காதாகப் பேர் வைத்து வருவார்கள்.
"வானத்துல போற ஏரோப்ளேன் வேணுமா,
வைகையில போற கப்பல் வேணுமா?"
"வைகையில ஏதுடா கப்பல்? தண்ணியே இல்ல!"
"வேணுமா, வேணாமா?"
கேப்டன் ஏரோப்ளேன் கேட்டான்.
ஏரோப்ளேனாக வந்து நின்றது குண்டு மணி.
எதிரணிக் கேப்டன் கப்பலைக் கட்டிப்பிடித்துக் குதித்தான்,
கப்பல் அவன் சித்தப்பா மகன்.
"பேசி வச்சுக்கிட்டு வந்துட்டீங்கடா! போங்கு!"
பந்தே போடவில்லை,
போங்கு ஒன்று விழுந்துவிட்டது.

ஆறு இந்தப் பக்கம், ஆறு அந்தப் பக்கம்.
மிச்சம் நான்.
ஒப்புக்குச் சப்பாணி.
இரண்டு டீமுக்கும் ஃபீல்டிங்,
இரண்டு டீமுக்கும் கடைசி பேட்டிங்.
எவன் ஜெயித்தாலும் எனக்கு ஜெயம்,
எவன் தோற்றாலும் என்னால்தான்.

டாஸ்:
ஓட்டாஞ்சில்லு, ஒரு பக்கம் எச்சில்.
"மழையா, வெயிலா?"
"மழை!"
சில்லு சுழன்றது, விழுந்தது, புரண்டது.
எச்சில் பக்கம் முழுக்கப் புழுதி அப்பிக்கொண்டது.
"பாரு, காஞ்சுபோச்சு. வெயில்!"
"உள்ள ஈரம்டா, தொட்டுப் பாரு!"
"நீயே தொடு, உன் எச்சி."
யாரும் தொடவில்லை.
குரல் பெரியவன் பேட்டிங்.

பிட்ச் அளக்கணும்.
22 கஜம் என்பது புத்தகத்துச் சட்டம்,
பதினெட்டு எட்டு என்பது எங்கள் சட்டம்.
யார் எட்டு?
நெட்டையன் எட்டு வைத்தால் பொட்டல் பத்தாது.
குட்டையன் எட்டு வைத்தால்
பேட்டும் பந்தும் முட்டிக்கொண்டே நிற்கும்.
ஆளுக்கு ஒன்பது எட்டு என்று முடிந்தது.
(இந்த ஊரில் இவ்வளவு நியாயமாக
வேறெதையும் அளந்து நான் பார்த்ததில்லை.)

பேட் ஏழு பேருக்குச் சொந்தம்.
ஏழு ஐம்பது முந்நூற்றைம்பது.
ராத்திரி ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு என்று
பேட் முறைவைத்துத் தூங்கும்.
அதனால் கோபித்துக்கொண்டு
பேட்டைத் தூக்கிக்கொண்டு போக
எவனாலும் முடியாது.

*

ஓடி வர்றான்,
ஓடி வர்றான்,
சட்டைப் பட்டன் தெறிக்க ஓடி வர்றான்,
கையைச் சுத்தி
விட்டான்.
குத்து.
டொக்.

ஓடி வர்றான்,
ஓடி வர்றான்,
விட்டான்.
குத்து.
டொக்.

"கட்டை போடாதடா, அடிச்சு ஆடு!"
"உன் வேலையப் பாரு!"

ஓடி வர்றான்.
"நில்லு நில்லு! நாய் குறுக்க வருது!"
நாய் நின்றது. பிட்ச்சை மோந்தது.
காலைத் தூக்கியது.
"குட் லெங்த்துல வச்சுட்டுப் போகுதுடா!"
அள்ளிப் போட்டான் ஒருத்தன்
ஒரு கைப் புழுதி.
பிட்ச் ரெடி.

ஓடி வர்றான்,
ஓடி வர்றான்,
முழங்கை மடங்க
விட்டான்.
"மாங்கா! மாங்கா அடிக்கிறான்டா!"
"இது சொடுக்கு பால்! அஸ்வின் போடுறது!"
"அஸ்வின் விரலைச் சொடுக்குவாரு.
நீ கையையே சொடுக்குற!"
"தெருவுல டென்னிஸ் பால்ல பாத்துப் பழகினதுதான் அவரும்."
"அப்ப அந்தத் தெருவுக்கே போயிப் போடு!"

ஓடி வர்றான்.
இந்தத் தடவை வேறு ஆள்.
இடது கை, யார்க்கர், பேர் கேட்டால்
"நடராஜன்" என்பான், சொந்தப் பேரைச் சொல்லமாட்டான்.
சேலத்துப் பக்கம் சின்னப்பம்பட்டி.
அங்கே டென்னிஸ் பந்தில் யார்க்கர் பழகின கை
2020-ல் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்கு இறங்கியதே,
அந்தக் கை தன் தோளில் முளைத்ததாக இவனுக்கு நினைப்பு.
ஓடி வர்றான்,
ஓடி வர்றான்,
விட்டான்.
பேட்டுக்கு அடியில்
சுவரில்
தப்.

நடுக்கோட்டில்
உருண்டையாக ஒரு புழுதி அச்சு.

"அவுட்டேய்!"
"கோட்டுல இல்ல. கோட்டு ஓரம்."
"அச்சு இருக்குல்ல, பாரு!"
"அது போன ஓவர் அச்சு."
"போன ஓவர் சாக்கடைப் பந்து, அச்சு கறுப்பா இருக்கும்.
இது செவலை!"
சி.பி.ஐ. வந்தாலும்
இவ்வளவு நுணுக்கம் பார்க்காது.
ஒருத்தன் கையால் டி காட்டினான்.
"டி.ஆர்.எஸ்!"
எங்கே கேமரா?
எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.
அதற்குள் பேட்ஸ்மேன்
முகம் துடைக்கிற மாதிரி சட்டையைத் தூக்கி
முதுகைச் சுவரில் சாய்த்து
அச்சைத் துடைத்துவிட்டான்.
முதுகில் ஒட்டிக்கொண்டது அச்சு.
"திரும்புடா! முதுகைக் காட்டு!"
திரும்பினான்.
அவுட்.

"அப்ப என் அம்பது ரூபாயக் குடுங்க."
"எந்த அம்பது?"
"பேட்டுல என் பங்கு."
"கைப்பிடி ரப்பர் மட்டும்தான்டா உன் பங்கு. உருவிக்க!"
உருவப் போனான்.
நாலு பேர் பிடித்தார்கள்.
ரப்பர் கொஞ்சம் கிழிந்தது.
அவன் டீப் தேர்ட் மேனில் போய்
முதுகைக் காட்டி உட்கார்ந்தான்,
அவன் பேட்டிங் டீம் என்பதுகூட மறந்து.

ஆறு ஓவரில் நாற்பத்து மூன்று.
கரியால் எழுதியாச்சு.
"நாப்பத்தொண்ணுடா!"
எழுதியது எழுதியதுதான்.

*

கடைசி ஓவர்.
ஏழு அடிக்கணும்.
இந்தப் பக்கம் எல்லாரும் போய்விட்டார்கள்,
குண்டு மணியும் நானும்தான் பாக்கி.
மணி அடிக்க, நான் செருப்புக் குவியல் பக்கம்.

ஒன்று.
மணி சுத்தினான். காற்றுக்கு அடி.
காற்று வலிக்கவில்லை என்றது.

இரண்டு.
பந்து சாக்கடை. ரெண்டு ரன்.
எடுக்கப் போனவன் மூக்கைப் பிடித்துப் போனான்,
பந்தைப் பிடித்து வந்தான்,
புழுதியில் ஒரு புரட்டு.
சுத்தம்.

வைடு.
"வைடெல்லாம் இல்ல, மணி அகலம் அவ்வளவு!"
மணி ஒன்றும் சொல்லவில்லை.
பேட்டை மட்டும் கொஞ்சம் உயர்த்தினான்.
வைடு.
நாலு அடிக்கணும்.

மூன்று.
நான் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பினேன்.
பந்து போட ஓடி வந்தவன் நின்று
செருப்பைத் தட்டினான்.
"அவுட்! 2019-ல ஜெய்ப்பூர்ல
அஸ்வின் பட்லரை எடுக்கலையா?"
"சட்டப்படி அவுட்டுதான்டா."
"இங்க ஏது சட்டம்? ஃபர்ஸ்ட் வார்னிங்!"
"சப்பாணிக்கு எதுக்கு வார்னிங்?"
அரை நிமிடம் என்னைப் பற்றி எல்லாரும் பேசினார்கள்,
என்னிடம் யாரும் பேசவில்லை.
வார்னிங்.
டெட் பால்.

மூன்று, மறுபடி.
கட்டை.

நாலு.
பந்து ஒரு முனையில் பட்டு
ஆச்சி மதில் பக்கம் எழும்பியது.
பதிமூன்று பேரும் மூச்சைப் பிடித்தோம்.
மதில் மேல் விழுந்தது.
உள்ளே போகலாமா வெளியே வரலாமா என்று
பூனை மாதிரி நின்றது.
இந்தப் பக்கம் விழுந்தது.
ஒரு ரன் ஓடி, ஒரு ரன் திரும்பி,
ரெண்டு.
"பூட்டுச் சத்தம் கேக்குது! ஆச்சி முழிச்சாச்சு!"
"சீக்கிரம் போடுடா!"

ஐந்து.
"இது ஆறு!"
"அஞ்சுடா! வைடைச் சேத்து எண்ணுறியா?"
"டெட் பாலைச் சேத்து எண்ணுனேன்."
"டெட்டுன்னா செத்துப்போச்சு. செத்ததை எண்ணாத!"
கூழாங்கல் வைத்து எண்ணியவன் கையை விரித்தான்.
ஏழு கல் இருந்தது.
"இதுல ஒண்ணு சும்மா அழகா இருந்துச்சுன்னு எடுத்தேன்."
ஐந்து என்று முடிவு.
ஐந்தில் ஒன்றும் இல்லை.
மணி குனிந்து வாரைச் சரிசெய்தான்,
செருப்பு ஸ்டம்பில் கிடக்கிறது என்று நினைவு வர
வெறுங்காலைச் சொறிந்துகொண்டான்.

ஆறு.
ரெண்டு அடிக்கணும்.
ஓடி வர்றான்,
ஓடி வர்றான்,
பொட்டலே ஓடி வர்றான்,
விட்டான்.
மணி கண்ணை மூடி வைத்தான்.
டொக் இல்லை.
டமார்.

வடக்கே!
எல்லை இல்லாத வடக்கே!

ஓடு ஓடு ஓடு
மணி வர்றான் நான் போறேன்
புழுதி கிளம்புது
ஒண்ணு ஆச்சு
சுவரைத் தொட்டேன்
திரும்பு திரும்பு
"வேணாம்டா!" "வாடா!"
"வேணாம்டா!" "வாடா!"
மணி ஓடினால் பூமி ஓடும்
புழுதி பாதி வானம்
எவனோ எறியிறான்
எவனோ கத்துறான்
குவியலுக்கு நேரா விழுந்து
கையை நீட்டி
மார்பால் தேய்த்து
செருப்பு பறக்குது
இடதுகால் செருப்பு என் முதுகில்
வலதுகால் செருப்பு எவன் தலையிலோ

"அவுட்!"
"நாட் அவுட்!"
"அவுட்!"
"நாட் அவுட்!"

"கோடு எங்கடா?"
குதிகாலால் கிழித்த கோடு
ஒன்றுக்கு ஐந்தாகக் கிடந்தது.
ஆளுக்கொரு கோட்டைக் காட்டினார்கள்.
ஒருத்தன் பேசிக்கொண்டே
கட்டைவிரலால் ஆறாவது கோடு போட்டான்.
என் கை தேய்ந்த தடம் ஒரு கோட்டைத் தாண்டி,
இன்னொன்றைத் தாண்டாமல்.
அவுட் என்றவனுக்கும் தடம் இருந்தது,
இல்லை என்றவனுக்கும் தடம் இருந்தது.
புழுதி எந்த டீமையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

பன்னிரண்டு முகமும்
என் பக்கம் திரும்பின.
இதுதான் சப்பாணிக்கு வருகிற ஆபத்து.
நடுவர் இல்லாத ஊரில்
நடுவில் நிற்பவனைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நீ சொல்லு. சாமி சத்தியமாச் சொல்லு.
செருப்பு முதல்ல பறந்துச்சா,
நீ முதல்ல வந்தியா?"

"கண்ணுல மண்ணு விழுந்துருச்சு."

"யாரு கண்ணுலடா மண்ணைத் தூவுற!"
இரண்டு டீமும் ஒரே குரலில் கத்தியது
அன்றைக்கு அது ஒருமுறைதான்.
நிஜமாகவே விழுந்திருந்தது.
மணி என் இமையைப் பிரித்து ஊதினான்.
ஊதின வாயில் பப்பரமிட்டாய் வாசம்.
"இருக்குடா, நிஜமாவே இருக்கு."
"அவன் உங்க டீமு, அப்படித்தான் சொல்லுவான்."
பந்து போட்டவன் வந்து தானே பிரித்துப் பார்த்தான்.
"இருக்கு."
என்றான்,
அப்புறம் தன் டீமைப் பார்த்து
"ஆனா அவுட்டு" என்றான்.

கதவு திறந்தது.
விளக்குமாறு முதலில் வந்தது, ஆச்சி பின்னால்.
"எந்தப் பயடா மதில்ல அடிச்சது?"
பதிமூன்று பேர், ஒரே திசை, வடக்கு.
செருப்பில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு,
ஒருத்தன் இரண்டு இடதுகாலோடு,
ஓடிக்கொண்டே:

"நாங்க ஜெயிச்சோம்!"
"டைடா, ஒரு ரன்தான் கணக்கு!"
"ரெண்டு!"
"ஒண்ணு!"
"பேட் இன்னிக்கு யாரு வீட்டுல?"
"எங்க வீட்டுல."
"நேத்தும் உங்க வீடுதான்!"
"நாளைக்குப் பத்து ரூபா பெட். வர்றியா?"
"இருபது!"
"காலைல ஆறரை."
"ஆறரைன்னா ஆறரை. லேட்டா வர்றவன் ஃபீல்டிங்."
"சப்பாணி யாரு?"
"இவன் வேணாம்டா, கண்ணாடி போட்ட பயலைக் கூப்பிடு."