பராமரிப்புப் பிரிவு: தற்காலிகப் பணிப்பட்டியல், 2026 மார்ச் 2 முதல் 17 வரை

வெளியிடும் நாள்: 27.02.2026, வெள்ளி
பெறுவோர்: முதியோர் இல்லப் பராமரிப்புப் பணியாளர்கள் அனைவரும். நகல்: நிர்வாகம்.

திங்கட்கிழமை முதல் புதிய பணிப்பட்டியல் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. எத்தனை பேர் பணியில் இருப்பார்கள், ஒரு நாளை எத்தனை ஷிப்டாகப் பிரிப்பது, விடுப்பு விதி என்ன, ஒரு ஷிப்டில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்ற நான்குக்கும் இதுவரை பதில் வரவில்லை. பதில் வரும்வரை பட்டியலை நிறுத்தி வைத்தால் திங்கள் காலை யார் வருவது என்பதே தெரியாமல் போகும். ஆகவே நான்கையும் நானே அனுமானித்து எழுதியிருக்கிறேன். எதை அனுமானித்தேன் என்பதும் கீழே இருக்கிறது. தவறானதை அடித்துத் திருத்தித் தரலாம்.

முதலில் ஆள்பலம். வருகைப் பதிவேட்டில் 11 பெயர்கள் உள்ளன. நீண்ட விடுப்பில் இருப்பவர்கள் யார், தற்காலிகமாக வந்தவர்களில் தொடர்பவர்கள் யார் என்று எவரும் எழுதித் தரவில்லை. முதல் 8 பெயர்களை எடுத்துக்கொண்டேன். பதிவேட்டில் உங்கள் பெயர் எத்தனையாவதோ, அதுவே பட்டியலில் உங்கள் எண். கடைசி மூன்று பெயர்கள் விடுபட்டிருப்பதால் அவர்கள் நீக்கப்பட்டதாகப் பொருள் இல்லை. திங்கள் முதல் வரக்கூடியவர்கள் என்னிடம் சொல்லுங்கள்.

ஷிப்ட் மூன்று: காலை 6 முதல் பிற்பகல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை, இரவு 10 முதல் மறுநாள் காலை 6 வரை. பட்டியலில் இவை காலை, மாலை, இரவு. இரவு ஷிப்ட் அது தொடங்கும் தேதியில் எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது 2 பேர். படுக்கையில் இருக்கும் ஒருவரைப் புரட்டிப் படுக்க வைக்க இரண்டு பேர் வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த அறையில் யாராவது விழுந்தால் ஓடுவதற்கும் அவர்களில் ஒருவர்தான். காலையில் குளிப்பாட்டும் வேலைக்கு மூன்றாவது ஆள் தேவை என்பது எனக்குத் தெரியும். 8 பேரை வைத்து அதைச் செய்ய முடியாது.

| தேதி | காலை | மாலை | இரவு | ஓய்வு |
|---|---|---|---|---|
| 2 திங்கள் | 1, 2 | 3, 4 | 5, 6 | 7, 8 |
| 3 செவ்வாய் | 8, 1 | 2, 3 | 4, 5 | 6, 7 |
| 4 புதன் | 7, 8 | 1, 2 | 3, 4 | 5, 6 |
| 5 வியாழன் | 6, 7 | 8, 1 | 2, 3 | 4, 5 |
| 6 வெள்ளி | 5, 6 | 7, 8 | 1, 2 | 3, 4 |
| 7 சனி | 4, 5 | 6, 7 | 8, 1 | 2, 3 |
| 8 ஞாயிறு | 3, 4 | 5, 6 | 7, 8 | 1, 2 |
| 9 திங்கள் | 2, 3 | 4, 5 | 6, 7 | 8, 1 |

10ஆம் தேதி செவ்வாய் மீண்டும் முதல் வரிசையிலிருந்து தொடங்கி, 17ஆம் தேதி செவ்வாய் கடைசி வரிசையோடு முடியும். சுற்று 8 நாள் என்பதால் ஓய்வு நாள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிழமை தள்ளிப் போகும். எப்போதும் ஞாயிறுதான் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்காது. எப்போதும் ஞாயிறன்றே வேலை பார்த்து வந்தவர்களுக்குப் பிடிக்கும்.

ஒவ்வொருவருக்கும் இரண்டு காலை, இரண்டு மாலை, இரண்டு இரவு, பிறகு இரண்டு நாள் ஓய்வு. இரவு முடித்துக் காலை 6 மணிக்குக் கிளம்பினால், மீண்டும் வர வேண்டியது 48 மணி நேரம் கழித்து. சராசரி வாரத்துக்கு 42 மணி நேரம் வருகிறது. எந்த ஏழு நாளை எடுத்தாலும் 48 மணியைத் தாண்டாது. 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையில் தொழிற்சாலைகளுக்கு வகுத்த உச்ச வரம்பும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48தான். முதியவர்களைத் தூக்கி உட்காரவைக்கும் வேலை தொழிற்சாலை வேலையைவிட இலேசானது என்று யாராவது நினைத்தால் ஒரு காலை ஷிப்டுக்கு வந்து பார்க்கலாம்.

எண்கள் எழுதப்பட்ட வரிசைக்கும் பொருள் உண்டு. முதலில் இருப்பவருக்கு அந்த ஷிப்டில் முதல் நாள், அடுத்தவருக்கு இரண்டாம் நாள். ஆகவே நேற்றும் இதே நேரத்தில் இருந்த ஒருவர் எப்போதும் உடன் இருப்பார். யார் சாப்பிடவில்லை, யாருக்கு மருந்து மாறியது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இதன் மறுபக்கம், உங்கள் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ளவர்களோடு மட்டுமே நீங்கள் சேர்ந்து வேலை செய்வீர்கள். ஒத்துவராத இருவர் அடுத்தடுத்து அமைந்திருந்தால் தனியாக என்னிடம் சொல்லுங்கள், காரணம் கேட்காமல் எண்ணை மாற்றுகிறேன். புதியவர்கள் இருவர் அடுத்தடுத்து வந்தாலும் மாற்றுவேன்.

ஒருவர் வர முடியாமல் போனால் ஓய்வின் இரண்டாம் நாளில் இருப்பவரை அழைப்போம். ஆனால் அவரைக் காலை ஷிப்டுக்கு மட்டுமே அழைக்கலாம். மாலைக்கு அழைத்தால் இரவு 10 மணிக்கு முடித்து மறுநாள் காலை 6 மணிக்கே வர வேண்டியிருக்கும். இரவுக்கு அழைத்தால் அதுவும் முடியாது. ஆகவே இடைவெளி மாலையிலோ இரவிலோ இருந்தால் மற்றவர்கள் ஒரு படி முன்னே நகர வேண்டும். எடுத்துக்காட்டாக, 4ஆம் தேதி இரவு 4ஆம் எண்ணுக்குக் காய்ச்சல் என்றால், 6 காலைக்கு வருவார். 8 காலைக்குப் பதில் மாலைக்கு நகர்வார். 2 மாலைக்குப் பதில் இரவுக்கு நகர்வார். மறுநாள் எல்லோரும் பட்டியலில் உள்ள தங்கள் இடத்திலேயே இருப்பார்கள், யாருக்கும் இடைவெளி 16 மணி நேரத்துக்குக் குறையாது. 2ஆம் எண்ணுக்கு மட்டும் தொடர்ந்து மூன்று இரவு அமையும். ஒரே ஆளுக்கு இதை இந்த 16 நாளில் இரண்டாம் முறை கேட்கமாட்டேன். அழைக்கப்பட்டு வருபவருக்கு மாற்று ஓய்வு நாள் தரப்படும்.

இந்த நகர்வு நடக்க நேரம் வேண்டும். அதனால் இரவுக்கு வர முடியாதவர் அன்று காலை 5 மணிக்குள் சொன்னால் மிகவும் உதவி. திடீரென உடம்புக்கு முடியாமல் போனால் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள், வழி பார்க்கலாம்.

முன்கூட்டித் திட்டமிட்ட விடுப்பு ஒரு நாளில் ஒருவருக்கு மட்டும், மூன்று நாள் முன்பு எழுதித் தந்தால். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற விடுப்பு அப்படியே செல்லும். சீட்டைக் காட்டினால் போதும். ஆண்டுக்கு எத்தனை நாள், எதில் சம்பளம் பிடிப்பது என்பதையெல்லாம் நான் முடிவு செய்ய முடியாது. விதி வரும்வரை விடுப்புகளைக் குறித்து மட்டும் வைக்கிறேன்.

மார்ச் 1 ஞாயிறு இரவு பணியில் இருப்பவர் 1ஆம் அல்லது 2ஆம் எண்ணாக இருந்தால் திங்கள் காலை வர வேண்டாம். 8ஆம் எண்ணோடு மாற்றித் தருகிறேன். இருவருமே அப்படி என்றால் 7ஆம் எண்ணையும் சேர்த்து.

நிர்வாகத்துக்கு: ஷிப்டுக்கு 2 பேர் வீதம் வாரத்துக்கு 42 பணி. 7 பேர்தான் என்றால் ஆளுக்கு ஆறு பணி, ஒரு நாள் ஓய்வு என்று கணக்கு சரியாகப் பொருந்தும், ஆனால் ஒருவர் படுத்துவிட்டால் ஈடுகட்ட ஆள் இருக்காது. 6 பேர் என்றால் ஓய்வே கிடையாது, வாரம் 56 மணி நேரம்; அதற்கு நான் பட்டியல் எழுதமாட்டேன், வெளியிலிருந்து ஆள் அழைக்க வேண்டும். இரவில் ஒருவர் மட்டும் என்ற யோசனைக்கும் இதே பதில். 9 அல்லது 10 பேர் என்றால் கூடுதலாக உள்ளவர்கள் காலை 7 முதல் பிற்பகல் 3 வரை வந்து குளிப்பாட்டும் வேலைக்குக் கை கொடுப்பார்கள். விடுப்பையும் அவர்களை வைத்தே ஈடுகட்டலாம்.

திருத்தங்களை ஞாயிறு மாலை 4 மணிக்குள் எழுத்தில் தாருங்கள். அதற்குப் பிறகு வருபவை 10ஆம் தேதி தொடங்கும் சுற்றில் சேர்க்கப்படும்.

பணி மேற்பார்வையாளர்