இடையூறுக் குறிப்பேடு: அக்டோபர் 6 முதல் 11 வரை, 2025

திருப்பூரில் நான் கணக்கு பார்க்கும் பின்னலாடை நிறுவனத்தில் ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் முந்தைய மாத விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்தாக வேண்டும். கடந்த மாதம் ஒரே விலைப்பட்டியலை இருமுறை பதிந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுந்து போனேன் என்பது நினைவில் இல்லாததால், இந்த வாரம் ஒவ்வோர் இடையூறுக்கும் வேலை நின்ற நேரத்தையும், நின்ற அதே வரிக்குத் திரும்பி வந்த நேரத்தையும் எழுதி வைத்தேன்.

திங்கள், 11 இடையூறுகள். காலை 9.50க்குப் பேக்கிங் பிரிவிலிருந்து "அக்கா, இந்த லோடுக்கு ஈவே பில் போடோணுங்களா?" என்று கேட்டார்கள். வண்டியில் போகும் சரக்குக்கான அந்த மின்னணுச் சீட்டு, தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். 11.20க்கும் 3.05க்கும் வேறு இருவர் அதையே கேட்டனர். மற்றவை சில்லறைச் செலவு வவுச்சர்களும் வாடிக்கையாளர் பணம் வந்ததா என்ற விசாரிப்புகளும்.

செவ்வாய், 9. செப்டம்பர் 22 முதல் மாறிய வரி விகிதம் பற்றி இரண்டு முறை கேட்கப்பட்டது: ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை இருந்தால் 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பதில் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் பாதியில் விட்ட கூட்டுத்தொகையை முதலிலிருந்து போட வேண்டியிருந்ததால், விட்ட வரிக்குத் திரும்பப் பதினொரு நிமிடம் ஆயிற்று. இந்த இரண்டாவது கணக்கை இதுவரை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

புதன், 6. பெங்களூருக்குச் சென்ற வண்டி கிருஷ்ணகிரிக்கு அருகே பழுதாகி நின்றது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் ஈவே பில்லில் வண்டி விவரம் இருக்கும் பார்ட் பி-யில் புதிய வண்டி எண்ணை மாற்றிய பிறகே அது நகர முடியும். ஓட்டுநர் சாலையோரம் காத்திருக்கும்போது இதைத் தள்ளிப்போட முடியாது. மொத்தம் நாற்பது நிமிடம் போயிற்று. அதை நான் இழப்பாகக் கருதவில்லை.

வியாழன், 8. சாயப்பட்டறையிலிருந்தும் தையல் ஜாப் ஒர்க்கிலிருந்தும் பில்கள் நான்கு தடவையாக வந்தன. ஒரே தடவையாக வந்திருக்கலாம். இரண்டு முறை யாரும் அழைக்காமல் நானே வாட்ஸ்அப்பைத் திறந்தேன், அதையும் எழுதினேன்.

வெள்ளி, 12. தீபாவளி 20ஆம் தேதி என்பதால் போனஸ் எப்போது என்று ஐந்து பேர் தனித்தனியே வந்து கேட்டனர். வருடம் முழுவதும் உழைத்தவர்களின் கேள்வி அது; அவர்களை ஒவ்வொருவராக என் மேசைக்கு வரவைத்தது அறிவிப்பு ஒட்டாத எங்கள் குறைதான். சனிக்கிழமை வாரச் சம்பள நாள் என்றாலும் 5 மட்டுமே, மதியம் 2.40க்குத் தாக்கல் முடிந்தது.

மொத்தம் 51. அவற்றில் 14 தவிர்க்க முடியாதவை: வண்டி மாற்றம், வங்கி அழைப்பு, முதலாளியின் அவசரக் கையெழுத்து போன்றவை. 16 உண்மையான வேலைகள், ஆனால் வந்த நேரம்தான் தவறு. வவுச்சர்கள் பத்து, ஜாப் ஒர்க் பில்கள் ஆறு. மீதி 21 நடந்திருக்கவே வேண்டியதில்லை: ஈவே பில், வரி விகிதக் கேள்விகள் ஏழு, பணம் வந்ததா என்பது ஐந்து, போனஸ் ஐந்து, நானே ஏற்படுத்திக்கொண்டவை நான்கு. பேக்கிங் பிரிவினர்மீது எனக்கிருந்த வருத்தம் இந்த எண்களைப் பார்த்த பிறகு இல்லை. அவர்கள் கேட்டவற்றில் ஒன்றைக்கூட நாங்கள் எழுதி ஒட்டியிருக்கவில்லை.

நவம்பர் 11 செவ்வாய்க்கிழமை வருவதால் அம்மாதத் தாக்கலை 8ஆம் தேதி சனிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். எனவே 3ஆம் தேதி முதல் காலை 9.30 முதல் 11.30 வரை கோப்பு அறையில் அமர்ந்து பதிவேன். என் கைபேசி உதவியாளரிடம் இருக்கும், வண்டி அல்லது வங்கி தொடர்பான அழைப்பு வந்தால் மட்டும் அவர் கதவைத் தட்டுவார். வவுச்சர்களை 11.30க்கும் 4.30க்கும் வாங்குவேன். ஜாப் ஒர்க் பில்களை மாலை 4 மணிக்கு ஒரே கட்டாக அனுப்பும்படி மேற்பார்வையாளரிடம் இன்றே பேசிவிட்டேன்; அவர் ஒப்புக்கொண்டார். ஈவே பில் வரம்பும் வரி விகிதமும் பெரிய எழுத்தில் பேக்கிங் மேசைக்கு மேல் ஒட்டப்படும். வந்த பணத்தின் பட்டியலை மதியம் 12க்கும் மாலை 5க்கும் விற்பனைக் குழுவுக்கு அனுப்புவேன்.

அந்த 14 இடையூறுகள் மீண்டும் வரும். அவற்றுக்காகத் தினமும் ஒரு மணி நேரத்தை வேறு வேலை வைக்காமல் விடுகிறேன். எழுந்திருக்கும் முன் அடுத்துப் பதிய வேண்டிய விலைப்பட்டியலின் எண்ணைப் பென்சிலால் ஒரு சீட்டில் குறித்துவிட்டுத்தான் எழுவேன். போனஸ் தேதியை முதலாளியிடம் கேட்டு, திங்கள் காலை ஷிப்ட் தொடங்கும் முன் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.