முல்லைப் பெரியாறு: பாப்பாவுக்கு மாமா எழுதியது

பாப்பா, வண்டிப்பெரியாற்றில் எல்லாரும் சௌக்கியமா? நேற்று போனில் கேட்டாயே, "மாமா, டேம் உடைஞ்சா எங்க லயத்து வீடெல்லாம் மூழ்கிடுமாம், தண்ணியை எல்லாம் நீங்கதான் எடுத்துக்கிறீங்களாம், நிஜமா?" என்று. போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. டீச்சர் ஐந்து வரிக்குள் செய்தி சொல்லச் சொன்னதாகவும் சொன்னாய். இதை அப்படியே படி:

"எங்கள் ஊருக்கு மேலே, கேரளாவுக்குள், பெரியாற்றின் குறுக்கே 1895-இல் கட்டி முடித்த பழைய அணை இருக்கிறது. அதன் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போய் வயலுக்கும் குடிக்கவும் ஆகிறது. அணை பழசு, உடைந்தால் நாங்கள் என்ன ஆவோம் என்று கீழே குடியிருக்கும் கேரளாக்காரர்கள் பயப்படுகிறார்கள். அணை உறுதியாகத்தான் இருக்கிறது, தண்ணீரைக் குறைத்தால் பயிர் காயும் என்று தமிழ்நாட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும், கேரளா புது அணை கேட்கிறது."

ஐந்தாவது வரி கொஞ்சம் நீளம்தான், நடுவில் மூச்சு விட்டுக்கொள். 142 அடி எவ்வளவு என்று யாராவது கேட்டால், இரண்டு பெரிய தென்னையை ஒன்றின்மேல் ஒன்று நிறுத்தின உயரம் என்று சொல். 999 வருடக் குத்தகை என்று ஒன்று இருக்கிறது, அதை நீ தொடாதே; பெரியவர்களுக்கே தலை சுற்றும்.

மூன்றாவது வரியை வேகமாகப் படித்துவிடாதே. அது உன் வீட்டு வரி. மழை பிடித்த ராத்திரியில் உன் அம்மா தூங்காமல் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்துக் கட்டிய அணை அது. சுர்க்கி என்றால் செங்கல்லை இடித்த பொடி. அப்புறம் அதற்குக் கான்கிரீட்டும் இரும்புக் கம்பியும் கொடுத்துப் பலப்படுத்தினார்கள். அதனால் என் மனசு அணையை நம்புகிறது. ஆனால் நான் இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்துக் கூடலூரில், அணைக்குக் கீழே இல்லை. நம்புவது எனக்குச் சுலபம்.

நாலாவது வரி என் வரி. குமுளி மலை இறங்கும்போது பஸ் ஜன்னலில் பார்ப்பாயே, மலையிலிருந்து கீழே இறங்கும் ராட்சசக் குழாய்கள், அதற்குள் வருவது அந்தத் தண்ணீர்தான். லோயர்கேம்பில் கரண்ட் எடுத்துவிட்டு முல்லையாற்றில் விடுகிறார்கள். அது வந்தால்தான் நான் நாற்றுப் பாவ முடியும். போன தீபாவளிக்கு நீ மூன்று தட்டு சாப்பிட்டாயே, அந்தச் சோறு இந்தத் தண்ணீரில் விளைந்தது.

கிளாசில் யாராவது "திருடன்" என்று சொன்னால் சண்டைக்குப் போகாதே, ஐந்து வரியையும் திரும்பப் படி. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், பார்க்காமல் சொல்லிக் காட்டு. அம்மாவிடம் அரிசிப் பை ஒன்று காலியாக எடுத்து வைக்கச் சொல்.

மாமா