பரிந்துரைக் கடிதம்: ராஜம்மாள், 56 வயது, நெஞ்சு வலி

கோத்தகிரி
18.11.2024

பெறுநர்: இதய நோய் மருத்துவர், கோயம்புத்தூர்

அன்புள்ள டாக்டர்,

ராஜம்மாளை உங்களிடம் அனுப்புகிறேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பத்து வருடமாக என்னிடம்தான் வைத்தியம். "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார். "மேட்டில் ஏறும்போது அடைக்குதா?" என்று கேளுங்கள், அப்போது சொல்வார். மூன்று மாதம் இது என் காதுக்கு வராமல் போனதற்கும் அதுதான் காரணம். வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்து வந்திருக்கிறார்.

ஆகஸ்டில் கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து எடை போடும் இடத்துக்கு ஏறும்போது நடு நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் தொடங்கியிருக்கிறது. இடது தோளுக்கும் தாடைக்கும் பரவும், கூடவே வியர்க்கும். மூட்டையை இறக்கிவிட்டு உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சரியாகும். பனி இறங்கும் காலை நேரத்தில் சீக்கிரமே வந்துவிடுகிறது. சாப்பாட்டோடும் மூச்சை இழுப்பதோடும் தொடர்பில்லை, அழுத்திப் பார்த்தாலும் வலி இல்லை.

எனக்குக் கவலை கடைசி இரண்டு வாரம்தான். முன்பு வாரத்துக்கு ஒரு முறை வந்தது, இப்போது தினமும் வருகிறது. சுமை இல்லாமல் வீட்டுப் படி ஏறினாலே வருகிறது. ஓய்வில் இதுவரை வந்ததில்லை, தூக்கத்தில் எழுப்பியதும் இல்லை. ஆனாலும் வழக்கமான ஓபி தேதிக்குக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. நாளையே பார்க்க முடிந்தால் நல்லது.

எட்டு வருடமாகச் சர்க்கரை, ஆறு வருடமாக ரத்த அழுத்தம். அண்ணன் 52 வயதில் திடீரென்று மாரடைப்பில் இறந்தார். புகையிலைப் பழக்கம் இல்லை, ஆனால் விறகு அடுப்புப் புகைதான் வாழ்நாள் முழுக்க. ஆஸ்துமா இல்லை, மருந்து ஒவ்வாமையும் இல்லை.

இன்று: நாடி 88, ரத்த அழுத்தம் 150/90. இதயத்தில் கூடுதல் சத்தம் இல்லை, நுரையீரல் தெளிவு, கால் வீக்கம் இல்லை. வலி இல்லாத நேரத்தில் எடுத்த இசிஜியில் வி4 முதல் வி6 வரை டி அலை தலைகீழாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தைய இசிஜியில் இது இல்லை, இரண்டையும் இணைத்திருக்கிறேன். ட்ரோபோனின் நெகட்டிவ். ஹெச்பிஏ1சி 8.4, எல்டிஎல் 148, கிரியாட்டினின் 0.9.

ஹீமோகுளோபின் 9.2. வலி அதிகமானதில் இதற்கும் பங்கு இருக்கலாம். கறுப்பு மலம் போனதில்லை என்கிறார். ஆஸ்பிரின் தொடங்கியிருப்பதால் இதை நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சத்துக் குறைவுக்கான சோதனையை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன்.

மெட்ஃபார்மின் 500 இரு வேளை, அம்லோடிபின் 5 ஏற்கனவே எடுக்கிறார். இன்று ஆஸ்பிரின் 75, அட்டார்வாஸ்டாட்டின் 40, மெட்டோப்ரோலால் 25 இரு வேளை சேர்த்தேன். நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட் 5 கொடுத்து, உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். வேலைக்குப் போக வேண்டாம் என்றும் சொன்னேன். கூலி போகுமே என்று அழுதார்.

முழங்கால் தேய்மானத்தால் டிரெட்மில்லில் அதிக நேரம் நடக்க மாட்டார். எக்கோவுக்குப் பிறகு நேராக ஆஞ்சியோ போவதா என்பது உங்கள் முடிவு. மகன் கூட வருகிறார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருக்கிறது. ஸ்டென்ட் என்றால் ராஜம்மாளிடம் நேரடியாகவே விளக்கிச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார். திரும்பி வரும்போது மருந்துப் பட்டியலை எழுதிக் கொடுத்தனுப்பினால் இங்கே தொடர்ந்து கவனித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
டாக்டர் க. சிவகாமி
குடும்ப மருத்துவர், கோத்தகிரி