இரு பிரிவிலிருந்து ஒரு குழு: வாண்டர்மோண்ட் முற்றொருமையின் நிரூபணம்

ஆசிரியர்கள் 5 பேர், மாணவர்கள் 4 பேர். இவர்களிலிருந்து 3 பேர் கொண்ட ஒரு குழுவை எத்தனை விதமாக அமைக்கலாம்? n பேரில் k பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கையை C(n,k) என்று எழுதுவோம். யார் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் எண்ணினால் C(9,3) = 84.

இப்போது பிரிவைப் பார்த்தே எண்ணுவோம். குழுவில் ஆசிரியர் ஒருவரும் இல்லையென்றால் C(5,0)·C(4,3) = 4. ஒருவர் இருந்தால் 5 × 6 = 30. இருவர் என்றால் 10 × 4 = 40. மூவருமே ஆசிரியர்கள் என்றால் 10. கூட்டினால் அதே 84.

இது தற்செயல் இல்லை. பொதுவாகச் சொன்னால், m, n, r குறையற்ற முழு எண்கள் எனில்,

Σ C(m,k)·C(n,r−k) = C(m+n,r)

இங்கே k = 0 முதல் r வரை. ஒரு பிரிவில் இருப்பதைவிட அதிகம் பேரைத் தேர்ந்தெடுக்க முடியாது; ஆகவே k > m ஆனால் C(m,k) = 0. C(n,r−k)-க்கும் அப்படியே.

நிரூபணம். m ஆசிரியர்கள், n மாணவர்கள் என்று கொள்வோம். வலப்பக்கம், மொத்தமுள்ள m+n பேரில் r பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகள். இடப்பக்கமும் அதையேதான் எண்ணுகிறது என்று காட்ட வேண்டும். குழுவில் சரியாக k ஆசிரியர்கள் இருக்கட்டும். அவர்களை C(m,k) விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். யார் அந்த k பேர் என்பது எப்படி அமைந்தாலும், மீதி r−k மாணவர்களை C(n,r−k) விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் பெருக்குகிறோம்.

அப்புறம் ஏன் கூட்டுகிறோம்? பலரும் வேகமாகத் தாண்டிப் போகும் இடம் இது. கொஞ்சம் நிற்க வேண்டும். எந்தக் குழுவை எடுத்தாலும் அதிலுள்ள ஆசிரியர்களின் எண்ணிக்கை ஒரே ஓர் எண்தான். ஆகவே ஒவ்வொரு குழுவும் ஏதோ ஒரு k-க்குள் வந்தே தீரும். இரண்டு k-க்களில் வராது. எதுவும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை எண்ணப்படவில்லை. எனவே கூட்டுத்தொகை C(m+n,r). நிரூபணம் முடிந்தது.

ஈருறுப்புத் தேற்றம் தெரிந்தவர்கள் இன்னொரு வழியிலும் வரலாம்: (1+x)^m·(1+x)^n = (1+x)^(m+n). இருபுறமும் x^r-இன் கெழுவை ஒப்பிட்டால் போதும். சுருக்கமான வழிதான். ஆனாலும் எனக்குக் குழு வழியே பிடிக்கும், ஒவ்வொரு பெருக்கலும் எதை எண்ணுகிறது என்பது அதில் கண்ணுக்கு நேராகத் தெரிவதால்.

1772-இல் இதை எழுதிய பிரெஞ்சுக் கணிதர் வாண்டர்மோண்டின் பெயரில் இது வழங்கினாலும், சீனக் கணிதர் சூ ஷிஜியே 1303-லேயே இதை அறிந்திருந்தார்.

m = n = r என்று வைத்தால் ஓர் அழகான விளைவு கிடைக்கும். C(n,n−k) = C(n,k) என்பதால், Σ C(n,k)² = C(2n,n). n = 4 எடுத்துப் பாருங்கள்: 1 + 16 + 36 + 16 + 1 = 70 = C(8,4).