தாயாரின் கடும் சுகவீனம் காரணமாக அவசர விடுமுறை கோரல்

தோஹா, கத்தார்
2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய முதலாளி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நேற்றிரவு போனில் உங்களோடு பேசும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. சொல்ல வந்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் அம்மா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். நாளை மறுநாள், 10ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, நான் ஊருக்குப் புறப்பட வேண்டும். ஓகஸ்ட் 8 வரை 30 நாள் லீவு தரும்படி கேட்கிறேன். 9ஆம் திகதி சனிக்கிழமை காலை அடுப்படியில் நிற்பேன்.

நடந்தது இதுதான். எங்கள் ஊர் களுதாவளை. மட்டக்களப்பு நகரத்திலிருந்து தெற்கே கல்முனை ரோட்டில், களுவாஞ்சிக்குடிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அப்பா போன பிறகு அந்தச் சின்ன வெற்றிலைத் தோட்டத்தை வைத்துத்தான் அம்மா எங்கள் மூன்று பேரையும் வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வெற்றிலை பறிக்கப் போனவர் கொடிகளுக்கு நடுவிலேயே விழுந்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து மாமி கண்டு சத்தம்போட்டிருக்கிறார். ஓட்டோவில் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து அம்புலன்ஸில் மட்டக்களப்புக்கு மாற்றினார்கள். சி.டி. ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் இரத்தக் கசிவு தெரிந்திருக்கிறது. பாரிசவாதம். வலது கையும் காலும் அசையவில்லை, பேச்சு இல்லை. மூக்கால் குழாய் போட்டுத்தான் ஆகாரம் கொடுக்கிறார்கள். அம்மாவுக்குப் பல வருடமாகப் பிரஷர் இருக்கிறது. குளிசை முடிந்து, அடுத்த கிளினிக் நாள்வரைக்கும் பார்ப்போம் என்று விட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ அம்மாமார் விடுகிறார்கள் ஐயா. தலைச்சுற்று வந்தாலும் வெயில் என்று சொல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்குவார்கள்.

நேற்றுப் பின்னேரம் தங்கச்சி உள்ளே போனபோது தாதி கொஞ்ச நேரம் போனைக் காட்ட அனுமதித்தார். அம்மாவின் முகத்தில் மாஸ்க் இருந்தது. நான் கூப்பிட்டதும் இடது கை மட்டும் எழும்பி, பக்கத்தில் கிடந்த வலது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன அந்தப் பெருவிரல் நகம் வீடியோவில் தெளிவாகத் தெரிந்தது. "அண்ணன் வாறான் எண்டு சொல்லட்டா?" என்று தங்கச்சி கேட்டாள். சொல்லு என்றேன். உங்களிடம் கேட்பதற்கு முதலே அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டேன் ஐயா. அதைக் காப்பாற்ற எனக்கு உதவுங்கள்.

நீங்கள் நேற்றுச் சொன்னதும் நியாயம்தான். பெரிய மாஸ்டர் ஊரில் நிற்கிறார், 27ஆம் திகதிதான் வருவார், அதுவரை பொறுத்தால் பிறகு எத்தனை நாள் வேண்டுமானாலும் போய் வா என்றீர்கள். சாதாரண லீவு என்றால் ஒரு வார்த்தை பேசாமல் பொறுத்திருப்பேன். ஆனால் டொக்டர் தங்கச்சியிடம் சொன்னது வேறு. இந்த ஒரு வாரம், பத்து நாள்தான் ஆபத்தான காலம் என்கிறார். மூளையில் வீக்கம் கூடினால் கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வரலாம், ஒப்பரேஷன் என்றும் வரலாம், முடிவெடுக்கிற ஒரு பெரிய ஆள் கிட்ட நின்றால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். 27ஆம் திகதி என்பது அந்தப் பத்து நாளுக்கு அப்பால். அதற்குப் பிறகு நான் போய்ச் சேர்வது எதற்காக என்று இப்போது நினைக்கவே மனம் வரவில்லை.

வீட்டில் வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். தங்கச்சிக்கு ஏழு மாதக் கைக்குழந்தை. மச்சான் மேசன் வேலை, ஒருநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. தம்பி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். சோதனை நடக்கிறது. சோதனையை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவனைத் திரும்ப அனுப்ப வேண்டும், அதுவும் அம்மாவின் ஆசைதான். வார்டுக்கு மாற்றினாலும் பெண்கள் வார்டில் இரவில் நான் நிற்க முடியாது, அது தெரியும். அங்கே தங்கச்சியோ மாமியோதான் நிற்க வேண்டும். ஆனால் பகலில் டொக்டரைக் காண்பது, வெளியில் மருந்து வாங்குவது, கையெழுத்து வைப்பது, கொழும்புக்கு என்றால் அம்புலன்ஸில் கூடப் போவது, இதற்கெல்லாம் மூத்த மகன் நான்தான். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கி இருத்த, நடத்திப் பழக்க ஒரு ஆம்பிளைக் கை வேண்டும். பாரிசவாதத்தில் போன பலம் திரும்புவதென்றால் முதல் மூன்று மாதத்தில்தான் கூடுதலாகத் திரும்பும் என்கிறார்கள். பயிற்சியை ஒழுங்காகத் தொடங்கி வைத்துவிட்டு வந்தால் பிறகு தங்கச்சி பார்த்துக்கொள்வாள். 21 நாள் போதாமல் 30 நாள் கேட்பது அதற்காகத்தான்.

லீவுக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். நான் 2021 மார்ச்சில் உங்களிடம் சேர்ந்தேன். கடைசியாக ஊர் போனது 2023இல். கத்தார் தொழிற் சட்டப்படி ஐந்து வருடத்துக்குக் குறைந்த சேவைக்கு வருடத்தில் மூன்று வாரச் சம்பள லீவு உண்டு. இந்த வருடத்தினது இன்னும் எடுக்கவில்லை. அந்த 21 நாளையும் இதில் கழித்துவிடுங்கள். மிச்சம் 9 நாளுக்குச் சம்பளம் வேண்டாம். நம் ஒப்பந்தத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு டிக்கெட் என்று இருக்கிறது. இந்த வருட டிக்கெட்டை இப்போது தந்தால் பெரிய உதவி. பள்ளிக்கூட லீவுக் காலம் என்பதால் விலை ஏறிக்கிடக்கிறது. உடனே முடியாது என்றால் நானே வாங்கிக்கொள்கிறேன், பிறகு பார்த்துச் செய்யுங்கள். லீவுச் சம்பளத்தையும் ஜூலையில் வேலை செய்த நாட்களின் சம்பளத்தையும் மட்டும் போகும்போது கணக்கில் போட்டுவிட்டால் நல்லது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனாலும் வெளியில் எழுதிக் கொடுக்கிற மருந்துக்கும் பம்பர்ஸுக்கும் வாகனத்துக்கும் தினமும் காசு போகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 2018இல் சட்டம் மாறிய பிறகு என்னைப் போன்ற தொழிலாளி ஊர் போக எக்ஸிட் பெர்மிட் தேவையில்லை. பாஸ்போர்ட்டும் என் கையில்தான், கத்தார் ஐ.டி. அடுத்த மார்ச் வரை செல்லும். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விடு என்று ரூமில் ஒருவர் சொன்னார். உங்கள் வாய்ச்சொல் இல்லாமல் அப்படிப் போக எனக்கு மனம் இல்லை. சொல்லாமல் ஓடினான் என்ற பேர் எனக்கு வேண்டாம். எனக்கு இந்த வேலை வேண்டும். தம்பியின் படிப்பு இதில்தான் ஓடுகிறது. இனி அம்மாவின் மருந்தும் இதில்தான்.

கடை நின்றுபோகாமல் இருக்க என்னால் ஆனதைச் செய்துவிட்டுத்தான் போவேன். பரோட்டா மாஸ்டரிடம் பேசிவிட்டேன். கொத்தும் இரவு அடுப்பும் அவர் பார்ப்பார். காலையில் இடியப்பமும் சொதியும் நேபாளத் தம்பிக்கு நன்றாக வரும். ரமழானில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவன்தான் செய்தான், ஒருவரும் வித்தியாசம் சொல்லவில்லை. அவனுக்கு மாவு பதமாக வறுபட்டதா என்று பார்ப்பதில் மட்டும்தான் கொஞ்சம் தடுமாற்றம். அதனால் மூன்று வாரத்துக்கான அரிசிமாவை நாளைக்கே வறுத்து, அரித்து, ஆறவிட்டுக் கட்டி வைக்கிறேன். கறித்தூளும் வறுத்து அரைத்து ஒரு சட்டிக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி, பேர் எழுதி மேல் தட்டில் வைப்பேன். மீன் குழம்புக்கு என்னுடைய அளவை வெள்ளைத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். 18ஆம் திகதி வெள்ளிக்கிழமை 120 பேருக்கான பிறந்தநாள் சாப்பாடுதான் பாரம். அதற்குச் சாமான் பட்டியல் முழுவதும் எழுதி முடித்துவிட்டேன். அன்று ஒருநாளுக்கு என் ஊர்க்காரப் பெடியன் ஒருவன், பக்கத்து ரெஸ்டோரன்டில் வேலை செய்கிறவன், தன் லீவு நாளில் வந்து உதவ ஒத்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய முதலாளியிடம் நீங்கள் ஒரு வார்த்தை கேட்டால்தான் அது முறை. கேட்காமல் அவனைக் கூப்பிட வேண்டாம், அவனுக்கும் உங்களுக்கும் பிரச்சினை வரும். ஊரில் நின்றாலும் வாட்ஸ்அப்பில் இருப்பேன். சமையலில் எதைக் கேட்டாலும் சொல்வேன். ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் நேரம் மட்டும் பதில் பிந்தலாம்.

ஐயா, உங்கள் அப்பா தவறிய செய்தி வந்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கணக்கைக்கூட முடிக்காமல், போட்டிருந்த சட்டையோடு விமான நிலையத்துக்குப் போனீர்கள். கல்லாப்பெட்டிச் சாவியை என் கையில் தந்து, "கடையைப் பாத்துக்கோப்பா" என்ற ஒரு சொல்தான் சொன்னீர்கள். நாங்கள் எல்லோருமாகப் பார்த்துக்கொண்டோம். திரும்பி வந்த பிறகு, கடைசியாக ஒருமுறை பேசக் கிடைக்கவில்லையே என்று நீங்கள் அடுப்படி ஸ்டூலில் இருந்து சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்குப் பதில் செய்யுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. எனக்கு இன்னும் பேசக் கிடைக்கலாம். அதற்காக எழுதுகிறேன்.

வியாழன் இரவு விமானத்தில் போனால் ஐந்து மணித்தியாலத்தில் கட்டுநாயக்க. அங்கிருந்து வாகனத்தில் குருநாகல், தம்புள்ளை, பொலன்னறுவை வழியாக ஏழு மணித்தியாலம் பிடிக்கும். வெள்ளி பின்னேரம் அம்மாவைப் பார்க்கலாம். டிராவல்ஸில் சீட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள், புதன் மத்தியானம் ஒரு மணிக்குள் காசு கட்ட வேண்டும். அதற்கு முதல் வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். நேரில் பேச விரும்பினால் காலைச் சாப்பாட்டு வேலை முடிந்ததும், பத்தரைக்கு, உங்கள் அறைக்கு வருகிறேன். 30 நாள் முடியாது என்றால் நாட்களைக் குறையுங்கள், போகும் திகதியை மட்டும் தள்ளாதீர்கள்.

வைத்தியசாலை அனுமதித் துண்டின் படமும், ஸ்கேன் அறிக்கையின் படமும், டொக்டர் எழுதித் தந்த கடிதமும் இதோடு இணைத்திருக்கிறேன். அம்மா தேறி வார்டுக்கு மாறினாலும், கொழும்புக்குக் கொண்டுபோனாலும் அன்றன்றே உங்களுக்கு அறிவிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள பணியாளன்,
யோகன்
(காலை இடியப்பம், இரவுச் சமையல் பகுதி)