எங்க பி.டி. சேர் ரிட்டயர் ஆகுறாரு

இந்த வெள்ளிக்கிழமையோட சேருக்கு சேர்விஸ் முடியுது. ஸ்கூல்ல விழா வைக்கிறாங்க, பிரின்சிபல் பேசுவாரு, வலயத்துல இருந்து வர்றவங்க பேசுவாங்க, எல்லாரும் "வசதியே இல்லாத தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல இருந்து மாவட்ட மெடல்" அப்பிடின்னுதான் ஆரம்பிப்பாங்க. அதக் கேட்டா சேரோட மூஞ்சி எப்பிடிப் போகும்னு அவருகிட்ட ஓடுன எல்லாருக்கும் தெரியும். "வசதி இல்லாதது பெருமை இல்லடா, அது குறை, குறைய எழுதிக் குடுக்கணும்"னு சொல்ற மனுசன், கிரவுண்டு கேட்டு அவரு எழுதுன லெட்டரோட கொப்பியே ஒரு பைல் நெறைய இருக்கு. அதனால நான் அந்தப் பக்கம் போகல. மெடல் வந்தது சேருக்கு வேலை தெரிஞ்சதால, அதச் சொல்லத்தான் இத எழுதுறேன்.

மஸ்கெலியா பக்கம் தெரியாதவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்க ஸ்கூலுக்கு கிரவுண்டுன்னு இருந்தது கோயிலுக்குப் பின்னாடி ஒரு துண்டு எடம், அறுபது மீட்டர் நேரா ஓடுனா தேயிலைக்குள்ள போயிருவோம். மே மாசம் தொடங்குனா மழையும் மூட்டமும், காலெல்லாம் அட்டை. சவுக்காரத்த காலுல தேச்சுக்கிட்டு ஓடுவோம், கொழுந்தெடுக்கப் போற அம்மாமாரு செய்யிற அதே வேலைதான்.

சேர் வந்த புதுசுல மொதல்ல செஞ்சது என்னன்னா, ஓட விடல. டேப்ப எடுத்துக்கிட்டு ஸ்டோருல இருந்து கோயில் வரைக்கும் ரோட்ட அளந்தாரு. நூறு நூறு மீட்டருக்கு ஒரு கல்லு, கல்லுக்கு சுண்ணாம்பு. லயத்துல எல்லாரும் சிரிச்சாங்க, துரை ரோடு போடப் போறாரா சேர்னு கேட்டாங்க. அப்புறம் தெரிஞ்சிச்சு எதுக்குன்னு. டவுன் ஸ்கூல் புள்ளைககூட நூறு மீட்டர்ல மோதி வேல இல்ல, அவங்களுக்கு ட்ராக் இருக்கு, ஸ்பைக் இருக்கு, ஸ்டார்ட் பழக எடம் இருக்கு, நமக்கு இருக்கிறது ஏத்தமும் எறக்கமும்தான், அப்ப ஆயிரத்து ஐநூறும் மூவாயிரமும் குண்டும் அஞ்சலும் நம்மளோடதுன்னு முடிவு பண்ணுனாரு. யாரு எதுக்குன்னு அவரு பாக்குற பார்வை இருக்கே, வெறகுக் கட்டத் தலையில வச்சிக்கிட்டு மேட்டுல மூச்சு வாங்காம ஏறுன ஒரு புள்ளயப் பாத்துட்டு அன்னிக்கு அந்தி அவங்க காம்பராவுக்கே போயி அப்பாகிட்ட பேசுனவரு அவரு. அந்த அக்காதான் அப்புறம் பதினெட்டு வயசுக்குட்பட்ட ஆயிரத்து ஐநூறு மீட்டர்ல எங்க ஸ்கூலுக்கு மொத மாவட்டத் தங்கம் கொண்டு வந்தாங்க.

ஆனா அதுக்கு முந்தி வலயப் போட்டியில ஒரு கூத்து நடந்திச்சு. எண்ணூறு மீட்டர்ல மொத வளைவு முடியிற வரைக்கும் அவங்கவங்க லேன்ல ஓடணும், அப்புறம் உள்ளுக்கு வந்திரலாம். எங்க புள்ள ஒன்னு கடைசி லேன்ல நின்னிச்சு, ட்ராக்கயே அன்னிக்குத்தான் கண்ணால பாக்குது, லேன விட்டா வெளிய போட்டிருவாங்கன்னு பயந்து ரெண்டு ரவுண்டும் வெளி லேன்லயே ஓடி முடிச்சிச்சு. எல்லாரையும் விட கூடத் தூரம் ஓடி நாலாவதா வந்திச்சு பாருங்க. பாத்தவங்க சிரிச்சாங்க, சேர் சிரிக்கல, அந்தப் புள்ளயயும் ஏசல. திங்கக்கிழம ஹோல்ல மேசை கதிரை எல்லாத்தயும் ஒதுக்கிப்புட்டு சோக்கால முழு ட்ராக்கயும் சின்னதா வரஞ்சாரு. எட்டு லேன், ஸ்டார்ட் ஏன் படி மாதிரி தள்ளித் தள்ளி இருக்கு, எங்க உள்ளுக்கு வரணும், பேட்டன் மாத்துற முப்பது மீட்டர் எங்க தொடங்குது எங்க முடியுது, எல்லாத்தயும் நடந்து காட்டி எங்களயும் நடக்க வச்சாரு. கணக்குப் பாடத்துல வட்டத்தோட சுற்றளவு எதுக்குன்னு எனக்கு வெளங்குனதே அன்னிக்குத்தான்.

பேட்டன் பி.வி.சி. பைப்புல முப்பது சென்டிமீட்டருக்கு அறுத்தது. குண்டு சீமெந்துல உருட்டுனது, உள்ள இரும்புத் துண்டு. அத கொழுந்து நிறுக்கிற தராசுல வச்சு சரியா நாலு கிலோ காட்டுற வரைக்கும் அரத்தால ராவுனாரு, கணக்குப்பிள்ளை வேலய விட்டுட்டு பாத்துக்கிட்டு நின்னாரு. "கிட்டத்தட்ட நாலு கிலோ"ங்கிற பேச்சே சேருகிட்ட கெடையாது. நீளம் பாய்தலுக்கு மணல் மலைக்கு ஏறாதுன்னு மரக்காலையில இருந்து மரத்தூள் கொண்டாந்து கொட்டுனோம், மழைக்கு அது கஞ்சி மாதிரி ஆயிருச்சு, அது மட்டும் சரி வரல.

ஒன்னே ஒன்ன கடைசி வரைக்கும் செய்ய மாட்டேன்னுட்டாரு. எங்க பட்ச்சுல கொக்கு மாதிரி ஒசரமா ஒருத்தன் இருந்தான், உயரம் பாய்தலுக்குன்னே பொறந்தவன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958ல டோக்கியோ ஆசிய விளையாட்டுல உயரம் பாய்தல்ல தங்கம் எடுத்த கதைய சேர்தான் எங்களுக்குச் சொன்னாரு, அதக் கேட்டதுல இருந்து இவனுக்கு தூக்கமில்ல. ஆனா முதுகு காட்டிப் பாயிற முறை மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு அப்புறம்தான் பரவிச்சு, இப்ப மாவட்டத்துல ஜெயிக்கணும்னா அப்பிடித்தான் பாயணும், அதுக்கு மெத்த வேணும். வைக்கோல் போட்டுப் பாயிறேன் சேர், படங்கு விரிச்சுப் பாயிறேன் சேர்னு கெஞ்சுனான். "கழுத்து முறிஞ்சா மெடல உங்கம்மா என்னடா பண்ணுவாங்க"ன்னு கேட்டுட்டு அவன அஞ்சல் ஓட்டத்துல போட்டாரு. அந்தக் கோவம் அவனுக்கு ரொம்ப நாள் இருந்திச்சு. எனக்கு என்னவோ சேர் எடுத்த முடிவுலயே பெரிய முடிவு அதுதான்னு தோணுது, மெடல் ஆசையில புள்ளைகள ஒடச்ச மாஸ்டர்மாரையும் நான் பாத்திருக்கேன்.

பொம்பளப் புள்ளைக வெசயத்துல இன்னும் கவனம். ப்ராக்டிஸ்ல ரெண்டு பேரு மயங்கி விழுந்ததும் எல்லாரையும் நிப்பாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ரத்தம் பாக்க வச்சாரு. முக்காவாசிப் பேருக்கு ரத்தம் கொறவு. மாத்திரை எடுத்து சரியாகுற வரைக்கும் நடைதான், ஓட்டம் இல்ல. காலையில வெறும் தேத்தண்ணியோட வர்றவங்களுக்கு டீச்சரம்மா அவிச்ச கடலையும் முட்டையும் கட்டிக் குடுத்து விடுவாங்க, சோர்ட்ஸ் போட விட மாட்டோம்னு நின்ன அம்மாமாருகிட்ட லயம் லயமா போயி பேசுனதும் அவங்கதான். போட்டிக்குப் போற எடமெல்லாம் கூடவே வந்தாங்க. விழாவுல யாராவது அவங்களுக்கும் ஒரு மாலை போடுங்க, மறந்துராதீங்க.

2022ல பெட்ரோல் இல்லாம நாடே லைன்ல நின்னப்ப சேர் மோட்டர் சைக்கிள நிப்பாட்டிட்டு நடந்தே வந்தாரு. "நீங்க ஓடுறத பாக்க வர்றவன் நடந்தாவது வரணும்ல"ன்னு ஒரு நக்கல் வேற.

இப்ப வெசயத்துக்கு வர்றேன். பரிசு, பொன்னாட, போட்டோ பிரேம் ஒன்னும் வேணாம்னு சேர் கண்டிப்பா சொல்லிட்டாரு. அதனால கொழும்புல இருக்கிற நம்ம பட்ச் எல்லாம் சேந்து ஸ்கூலுக்கு உயரம் பாய்தல் மெத்த வாங்குறதுன்னு பேசி முடிச்சிட்டோம், மொதல் காசு போட்டது அந்த ஒசரக்காரன்தான், இப்ப வெள்ளவத்தையில லொறி ஓட்டுறான். புது பி.டி. சேர் இன்னும் வரல, வர்ற வரைக்கும் அந்த ஆயிரத்து ஐநூறு அக்கா சனிக்கிழமையில வந்து புள்ளைகளப் பாத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. வெள்ளிக்கிழம பத்து மணிக்கு ஹோலுக்கு வந்திருங்க, மெடல் வச்சிருக்கவங்க போட்டுக்கிட்டு வாங்க. மெத்தய எங்க வைக்கிறதுன்னுதான் இன்னும் முடிவாகல, ஹோல் கூரை ஒழுகுது, அதுக்கும் சேர் ஒரு லெட்டர் எழுதிக்கிட்டு இருக்காராம்.